ஊதுபத்தி இல்லாத பீடம்

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகள் வாடகை அறையில் சின்னதாகச் செபபீடம் வைப்பது எப்படி என்று ஒரு நிமிட வீடியோ போட்டார், ராயபுரத்தில் தையல்கடை நடத்தும் பெனடிக்டா அக்கா. சுவரில் ஆணி அடிக்காமல் மாதா படத்தை மேசைமேல் சாய்த்து வைத்து, ஊதுபத்தி ஏற்றிக் காட்டினார்.

மறுநாள் டப்ளினிலிருந்து ஒரு மாணவி வீடியோவின் கீழே எழுதினாள்: “அக்கா, புகை அலாரம் அடிச்சு, மொத்தக் கட்டடமும் குளிர்ல தெருவுல நின்னுச்சு.”

அக்காவுக்கு வீடியோ எடுத்துக் கொடுக்கும் நான், அவள் எழுதியதை அழித்துவிடச் சொன்னேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“தப்பு என்னுது. இன்னாத்துக்கு மறைக்கணும்?”

அன்றைக்கே பழைய வீடியோவை நீக்கிவிட்டு, பேட்டரி மெழுகுவத்தியோடு புதிய வீடியோ போட்டார். எடுத்த எடுப்பிலேயே மாணவி எழுதியதைப் படித்து, மன்னிப்புக் கேட்டார். பிறகு சொன்னார்:

“மாதாவுக்குப் பொகை வேணாம் கண்ணு. நீ வந்து குந்து, அது போதும்.”