சண்டி நட்டு நோட்டில் ஒரு காலிப் பக்கம்

பதினொரு வருஷமாக ஒரு பேச்சு என் தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. "நான் சரியாகத்தான் திருப்பினேன்" என்பதுதான் அந்தப் பேச்சு. கேட்டவர்கள் எல்லாரும் என் வாயைப் பார்த்துச் சிரித்தார்கள். முன்பல் இரண்டு இல்லாதவன் சொன்னால் யார் நம்புவார்கள்?

எங்களுடையது அட்டைப்பெட்டி செய்யும் பேக்டரி. அட்டையை அளவுக்கு வெட்டும்போது விழும் ஓரத் துண்டுகளை இழுத்துக்கொண்டு போக, பின்சுவரை ஒட்டி ஒரு பெரிய பிளோயர் உண்டு. அதன் உள் விசிறியை, அதைச் சுழற்றும் தண்டான ஷாஃப்டில் பிடித்து வைத்திருப்பது ஒரே ஒரு நட்டு. அன்று விசிறியைக் கழற்ற வேண்டியிருந்தது. நட்டு அசையவில்லை. ஸ்பேனரில் பைப்பைச் சொருகி, எல்லா நட்டையும் கழற்றுவது போல இடப்பக்கம் இழுத்தேன். அப்போதும் அசையவில்லை. முழு உடம்பையும் போட்டு இழுத்தேன். ஷாஃப்டில் நட்டு ஏறும் மரை முனை முறிந்தது. பைப் என் வாய்க்கு வந்தது.

பேக்டரி இரண்டு ஷிப்ட் நின்றது. தாடை வீக்கம் வடிந்து பத்து நாள் கழித்து வந்தபோது, புது ஷாஃப்ட் ஏறியிருந்தது. பக்கத்தில் சிவப்புப் பெயிண்டில் ஒரு அம்பு, வலப்பக்கம் காட்டிக்கொண்டு. இடது மரை. அதாவது உலகத்தில் எல்லா நட்டும் இடப்பக்கம் திருப்பினால் கழலும், இது மட்டும் வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் இடப்பக்கம் இழுத்தால் இறுகும். இன்னும் இழுத்தால் இன்னும் இறுகும். கடைசியில் முறியும்.

ஷாஃப்டை மாற்றியவரிடம் போய்க் கேட்டேன். "அண்ணே, பழசும் இடது மரைதானா?"

"இல்ல. புதுசு மட்டும்தான்."

முறிந்த துண்டைக் காட்டச் சொன்னேன். பழைய இரும்போடு போய்விட்டது என்றார். அடுத்த மாதம் எனக்கு வரவேண்டிய தலைமைப் பிட்டர் வேலை வேறொருவனுக்குப் போனது. எனக்கு 'அவசரம்' என்று பேர் வந்தது. "அவசரத்தைக் கூப்பிடு", "அவசரம் சாப்பிடப் போயிருக்கு." பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அந்த அண்ணனுக்கும் ஒரு பேர் உண்டு. மெதுவண்ணன்.

அவரைப் போல ஒரு வேலைக்காரனை நான் பார்த்ததில்லை. கோபத்தோடும் இதைத்தான் சொல்வேன். முதலில் மெயின் சுவிட்சைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானும் மாட்டுவார். பிறகு மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வருவார், மாடு பிடிக்கப் போகிறவன் மாதிரி. நட்டின் மேல் கட்டைவிரலை வைத்தபடியே இருப்பார். கழற்றிய போல்ட்டுகளைச் சோற்று டப்பா மூடியில் கழன்ற வரிசையில் அடுக்குவார். மதியம் அதே மூடியைக் கழுவிச் சாப்பிடுவார். அவர் மனைவி ஒரு தடவை கேட் வரை வந்து, "இந்த மனுஷன் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளை ஆறு மாசமா பாத்துக்கிட்டேதான் இருக்காரு, எப்பக் கழட்டுவாருன்னு நீங்களாவது கேட்டுச் சொல்லுங்க" என்று எங்களிடம் முறையிட்டுவிட்டுப் போனார். அண்ணன் சிரிக்கவில்லை. "அந்தத் திருகு வழுக்கிடுச்சு. யோசிக்கணும்" என்றார்.

இந்த வருஷம் அவர் ஓய்வு பெறுகிற முறை. மானேஜர் கூப்பிட்டு, "எந்த மெஷின்ல எந்த நட்டு சண்டித்தனம் பண்ணும், என்ன செஞ்சா வழிக்கு வரும், எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார். இரண்டு மாதம் எழுதினார். கோடு போட்ட நோட்டு, மெஷினுக்கு ஒரு பக்கம், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து.

படித்துப் பார்த்தேன். குறை சொல்ல இடமில்லை. பசை மெஷின் பக்கத்தில் இப்படி இருந்தது: 'இங்கே எண்ணெய் ஊற்றி எவனும் ஜெயித்ததில்லை. பிடித்திருப்பது துரு அல்ல, காய்ந்த மாவுப் பசை. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி அரை மணி நேரம் விடு. தானாக வரும்.' நீராவிக் குழாய் பக்கத்தில்: 'முதலில் வால்வைப் பூட்டி, உள்ளே இருப்பதை வடித்து விடு. போல்ட்டைச் சுடாதே, நட்டைச் சுடு. தீயை எடுத்து, சூடு தணிந்த பின் எண்ணெய் தொட்டு வை. கழற்றும் முன் ஒரு மயிரிழை இறுக்கு. கறுக் என்று சத்தம் வந்தால் பிடி விட்டது.' வெட்டுக் கத்தியின் குழித்தலைத் திருகுக்கு: 'குழிக்குள் காகிதத் தூசி அடைத்திருக்கும். ஊசியால் நோண்டி எடு. திருகுச் சாவி அடிவரை இறங்காமல் திருப்பினால் குழி வட்டமாகிவிடும், அப்புறம் உன் பாடு.'

பதினேழாம் பக்கத்தில் 'பிளோயர்' என்று தலைப்பு இருந்தது. கீழே ஒரு எழுத்து இல்லை. கையெழுத்தும் இல்லை.

"அண்ணே, இது?"

"எழுதணும்" என்றார். பார்வை வேறு பக்கம் இருந்தது.

கடைசி வாரம் மானேஜர் ஒரு வேலை செய்தார். புதிதாகச் சேர்ந்த பிட்டர் பெண்ணிடம் நோட்டைக் கொடுத்து, "இதை மட்டும் வச்சு வேலை செய்" என்றார். என்னையும் மெதுவண்ணனையும் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல நில்லுங்க, வாயைத் திறக்கக் கூடாது. நோட்டு போதுமான்னு பாக்கணும்" என்றார். அந்தப் பெண் கெட்டிக்காரி. பசை மெஷினுக்கு வெந்நீர்த் துணியைச் சுற்றிவிட்டு, "மெஷினுக்குக் காய்ச்சல்னா நான் லீவு கேக்கலாமாண்ணே?" என்றாள். நட்டு வெண்ணெயாக வந்தது. மூன்று நாள் எல்லாம் சரியாகப் போனது.

நான்காம் நாள் பிளோயர் அதிர ஆரம்பித்தது. விசிறி இறக்கையில் தூசி கட்டியிருக்கும், கழற்றித்தான் சுத்தம் செய்யவேண்டும். அவள் சுவிட்சைப் பூட்டினாள், விசிறி சுற்றாமல் மரக்கட்டையை முட்டுக் கொடுத்தாள். நோட்டைப் புரட்டினாள்.

"இதுக்கு ஒண்ணுமே இல்லையே. அப்ப இது சாதுவான நட்டு போல!"

சிவப்பு அம்பு எங்கே என்று பார்த்தேன். போன வருஷம் பெயிண்ட் அடித்தவன் பிளோயர் கூட்டோடு சேர்த்து எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கியிருந்தான். அவள் ஸ்பேனரை மாட்டினாள். இடப்பக்கம் இழுத்தாள். அசையவில்லை. பைப்பைத் தேடி எடுத்துச் சொருகினாள்.

இதை நான் எழுதித்தான் ஆகவேண்டும். அந்த இடத்தில் நான் சும்மா நின்றேன். முறியட்டும் என்று மனசு சொன்னது. நிதானமான பெண், நோட்டைப் படித்துச் செய்கிறவள். இவள் கையிலும் முறிந்தால், அவசரம் காரணமில்லை, மரைதான் காரணம் என்று மானேஜர் கண் முன்னால் தெரிந்துபோகும். பதினொரு வருஷத்து முள் இறங்கிவிடும். பக்கத்தில் மெதுவண்ணனைப் பார்த்தேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவரும் சும்மா நின்றார்.

அவள் பைப்பின் மேல் சாய்ந்தாள். முகம் பைப்புக்கு நேராக இருந்தது. நாக்கு தானாக என் பல் ஓட்டைக்குப் போனது.

"விடு! கையை எடு! இடது மரை அது!"

என் சத்தத்தில் அவள் பைப்பைக் கீழே போட்டுவிட்டாள். மானேஜர் ஓடிவந்தார். நோட்டை வாங்கிப் பார்த்தார். "அண்ணே, இவ்வளவு எழுதினீங்க, இதை எப்படி விட்டீங்க?"

"மறந்துட்டேன்" என்றார் மெதுவண்ணன்.

"வாயைத் திறக்காதேன்னுதான சொன்னேன்" என்று மானேஜர் என் பக்கம் திரும்பினார். "சரி, இந்த ஒரு தடவை உன் அவசரமும் உதவுச்சு."

அவள் வலப்பக்கம் திருப்பிக் கழற்றினாள். நான் கை கழுவப் போய், தண்ணீர் ஓடுகிறது என்பதையே மறந்து நின்றேன். கோபம் அவர் மேலா என் மேலா என்று தெரியவில்லை. மறந்துட்டேன் என்கிறாரே, தாழ்ப்பாள் திருகை ஆறு மாதம் யோசித்த மனுஷன்!

மறுநாள் அவருக்குக் கடைசி நாள். எல்லாரும் மாலையோடு வாசலில் காத்திருந்தபோது, சாமான் அறைக்கு என்னைக் கூப்பிட்டார். அலமாரியின் அடித்தட்டிலிருந்து எண்ணெய்த் துணிப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். உள்ளே கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு இரும்புத் துண்டு, நட்டோடு சேர்ந்து முறிந்தது. துருப் பிடிக்காமல் கிரீஸ் பூசி வைத்திருந்தார். மரையைப் பார்த்தேன். சரிவு இடப்பக்கம் ஏறியிருந்தது.

"பழைய இரும்போட போயிடுச்சுன்னீங்க."

"சொன்னேன்."

"பதினொரு வருஷம்ணே."

பெஞ்சில் உட்கார்ந்தார். வேலை இடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நட்டுப் பக்கம் நின்னு பார்த்தா அந்த விசிறி கடிகாரம் சுத்துற பக்கம் சுத்தும். சாதா மரை போட்டா ஓட ஓடத் தானா கழண்டுக்குது. ரெண்டு தடவை கழண்டுச்சு. யார்கிட்டயும் கேக்காம வெளியில லேத்துல குடுத்து இடது மரை போட்டு மாட்டிட்டேன். சாயங்காலம் போர்டுல எழுதலாம்னு இருந்தேன். எழுதல. ரெண்டு மாசத்துல நீ கை வச்ச."

"நான் வந்து கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"முதல் நாளே வெறுங்கையால கழட்டியிருக்கலாம். பத்து நாள் விட்டேன், பிடிச்சுக்கிச்சு. அப்புறம் எதை வச்சாலும் வரமாட்டேங்குது." துண்டைத் துணியில் மறுபடி சுற்றினார். "நேத்து அந்தப் பொண்ணு சாய்ஞ்சா பாரு. அப்பவும் எனக்குச் சத்தம் வரல. உனக்கு வந்துச்சு."

எனக்கும் தாமதமாகத்தான் வந்தது என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நோட்டை என் கையில் வைத்தார். பதினேழாம் பக்கம் திறந்திருந்தது. இன்னமும் காலிதான். ஆனால் அடியில், மற்றப் பக்கங்களில் இருப்பது போலவே, அவர் கையெழுத்து இருந்தது. பக்கத்தில் அன்றைய தேதி.

"என்னண்ணே இது, வெத்துப் பக்கத்துல போய் கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

"மேல நீ எழுது. எனக்குக் கை வரல. என்ன நடந்துச்சோ அதை எழுதி, இந்தத் துண்டையும் சேர்த்து மானேஜர் மேசையில வை. நான் இல்லன்னு சொல்ல முடியாது, கையெழுத்து இருக்குல்ல."

வாசலில் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். எழுந்து, சட்டைப் பையைத் தடவி சுவிட்சுப் பூட்டின் சாவியை எடுத்து நோட்டின் மேல் வைத்தார். கதவு வரை போனவர் திரும்பி வந்தார்.

"ஒண்ணு மட்டும் செய். முதல் வரியில எந்தப் பக்கம் திருப்பணும்னு எழுது. பெரிய எழுத்தா. என் கதையெல்லாம் அதுக்குக் கீழ."