முத்து என்று சொன்னதால் வந்த வினை

என் வாய்தான் எனக்கு எமன். அது சிறு வயதிலேயே தெரிந்துபோயிற்று.

அப்போது நாங்கள் திருச்சியில், காவிரிக்கு நடந்துபோகும் தூரத்தில் குடியிருந்தோம். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்துவிட்டால் நானும் என் சிநேகிதனும் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே படித்துறைதான். அவன் அத்தாவுக்குப் பெரிய கடைவீதியில் தோல் கடை. நீச்சல் எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். இரண்டு பேருக்கும் ஒரே துண்டு. யார் கொண்டுவருகிறார்களோ அவர்கள் துண்டு.

ஒருநாள் எனக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது அம்மா அக்குளைப் பார்த்துவிட்டாள்.

"என்னடா இது?"

"தெரியலம்மா. முத்து முத்தா இருக்கு."

போச்சு! பரு என்று சொல்லியிருக்கலாம், கட்டி என்று சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரில் அம்மை போட்டால்தானே முத்து என்பார்கள்? அம்மா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா வந்திருக்காடா!" அவ்வளவுதான். வாசலில் வேப்பிலை ஏறிற்று. வீட்டில் தாளிப்பு நின்றது. நான் வேப்பிலைப் படுக்கையில், கல்லுக்குண்டு மாதிரி, பசியோடு கிடந்தேன். காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிற நாள்களில் இப்படிக் கிடப்பதை நினைத்து அழுகையே வந்தது.

சிநேகிதன் தினமும் சாயங்காலம் ஜன்னலுக்கு வருவான். அம்மா விரட்டுவாள். அவன் மறுநாளும் வருவான்.

வாசல் வேப்பிலை எப்படியோ முனிசிபாலிட்டி காதுக்குப் போய், பெரியம்மையாக இருக்குமோ என்று ஆஸ்பத்திரி டாக்டரே வந்துவிட்டார். அம்மா கதவை மறித்துப் பார்த்தாள். அப்பா கெஞ்சி உள்ளே விட்டார். டாக்டர் என்னை வெளிச்சத்துக்கு இழுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"காய்ச்சல் வந்துச்சா?"

"இல்லைங்க," என்றார் அப்பா.

"எத்தனை நாளா இருக்கு?"

"ரொம்ப நாளா இருக்கு சார்," என்று நான் முந்திக்கொண்டேன். அம்மா என்னை முறைத்தாள்.

டாக்டர் சிரித்தார். "அம்மையும் இல்லை, ஒண்ணும் இல்லைங்க. ஒவ்வொண்ணுலயும் நடுவுல குழி இருக்கு பாருங்க. இது பாலுண்ணி. பசங்களுக்கு வர்றதுதான்."

"அப்போ ஆசிட் வெச்சுச் சுட்டுடுங்க," என்றார் அப்பா. மருவுக்குச் சுண்ணாம்பு வைப்போமே என்றாள் அம்மா. அவள் சித்தப்பா ஒருவருக்கு ஜட்கா குதிரையின் வால்மயிரைக் கட்டி மரு விழுந்ததாம்.

"வெந்து தழும்புதான் மிஞ்சும். தானா போயிடும். மாசக்கணக்காகும், சில பேருக்கு வருஷத்துக்கு மேலகூட ஆகும். சொறியாம இருந்தா போதும். சொறிஞ்சா பக்கத்துல பக்கத்துல பரவும். ஸ்கூலுக்குத் தாராளமா அனுப்புங்க, சட்டை மூடிக்கும்."

அப்போதுதான் ஜன்னலில் அந்தத் தலை முளைத்தது. "எனக்கும் இருக்கு சார்!" என்று கழுத்தைக் காட்டினான் சிநேகிதன்.

அம்மாவுக்கு வந்ததே கோபம்! "இவன்கிட்ட இருந்துதான் ஒட்டிக்கிச்சு! இனி இவன்கூட ஆத்துப் பக்கம் போ, காலை ஒடிக்கிறேன்." அவன் இல்லாத ஆறு எனக்கு எதற்கு? அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

டாக்டர் அவனைப் பார்த்துக் கேட்டார். "துவட்டிக்கத் துண்டு யாருது?"

"ஒரே துண்டு சார். ரெண்டு பேருக்கும்."

"அதான் விஷயம். யார்கிட்ட இருந்து யாருக்குன்னு சாமிக்குத்தான் தெரியும். ஓடுற ஆத்துத் தண்ணி மேல பழி போடாதீங்கம்மா. உடம்போட உடம்பு உரசினா ஒட்டும், துண்டுல ஒட்டும். ஆளுக்கொரு துண்டு குடுத்துட்டு, கட்டிப்பிடிச்சுச் சண்டை போடாம நீந்தச் சொல்லுங்க."

டாக்டர் போனதும் அம்மா வேப்பிலையைக் கழற்றினாள், கடுகு தாளித்தாள். அந்த வாசனையை இன்றைக்கும் மறக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அவன் பயந்து பயந்து வாசலுக்கு வந்தான். அம்மா உள்ளேயிருந்து இரண்டு புதுத்துண்டுகளோடு வந்தாள். ஒன்று சிவப்புக் கரை, ஒன்று பச்சைக் கரை.

"சிவப்பு இவனுக்கு, பச்சை உனக்கு. மாத்திக்கிட்டீங்கன்னா ரெண்டு பேரையும் ஆத்தோட விட்டுடுவேன், ஆமா."

பாலுண்ணி அடுத்த வருஷம்தான் போயிற்று. என்றைக்குப் போனதென்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை. சமயபுரத்தில் தான் கொட்டிய உப்பும் மிளகும்தான் காரணம் என்றாள் அம்மா. தர்காவில் தான் ஓதிய பாத்திஹாதான் என்றார் அவன் அம்மா. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்து பட்டது போதும்.

பச்சைக்கரைத் துண்டு நைந்தபோது அம்மா அவனைக் கேட்காமலே இன்னொன்று வாங்கி வைத்தாள். அதுவும் பச்சைக் கரைதான்.