நாலாம் கட்டத்தில் குடியிருப்பது யார்

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றொன்று, தை மாதம் பூதப்பாண்டியில் பகவதியம்மாளைப் பார்க்க வந்தது நான்காவது மாப்பிள்ளை வீடு. முன்பு வந்த மூன்று வீட்டாரும் பெண்ணைப் பார்த்தார்கள், காப்பி குடித்தார்கள், ஜாதகத்தின் பத்தாம் கட்டத்தில் சனி உட்கார்ந்திருப்பதைக் கேட்டதும் செருப்பைத் தேடினார்கள். அவளுக்கு இருபத்துமூன்று வயது. கோட்டாறு பக்கம் சர்க்கார் பெண்பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷமாகக் கணக்கு வாத்திச்சி. கல்யாணம் வேண்டும், வேலையும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கேட்க நாட்டில் வார்த்தை இல்லாததால் கேட்காமலே இருந்தாள்.

இந்த முறை வந்தவர்கள் ஒழுகினசேரிக்காரர்கள். மாப்பிள்ளை நாராயணபெருமாள், இருபத்தேழு வயது, தாலுக்காக் கச்சேரியில் குமாஸ்தா. அவன் அம்மா செண்பகவடிவு. விதவை, வீட்டில் அவள் வைத்தது சட்டம். கூடவே அவர்களுடைய சோசியர் பூதலிங்கம் பிள்ளை.

செண்பகவடிவுக்கு மருமகள் வேலைக்குப் போவது பிடிக்காது. அதைத் தன் வாயால் சொன்னால் நாளைக்கு ஊர் கொடுமைக்காரி என்னும். அதையே கிரகம் சொன்னால் யாரிடம் போய்க் கோபித்துக்கொள்வது? சோசியரை வண்டியில் ஏற்றி வந்ததே அதற்குத்தான்.

சோசியர் இரண்டு ஜாதக ஓலைகளையும் விரித்தார். ஓலையில் கட்டம் சிறியது, எல்லோருக்கும் தெரியாது என்று சுண்ணாம்புக்கட்டி கேட்டார். பகவதியம்மாளின் பள்ளிக்கூடப் பையிலிருந்தே ஒன்று வந்தது. தரையில் பன்னிரண்டு கட்டம் போட்டார்.

“பொண்ணுக்கு மேஷ லக்னம். அங்கயிருந்து எண்ணினா நாலாம் இடம் கடகம். அது வீடு, அடுக்கள, சுகம். ஏழு துலாம், அது புருஷன். பத்து மகரம், தொழில். மகரத்துல சனி. சொந்த வீடு. அசைக்க முடியாது.”

“அப்ப வேலைக்குப் போவா,” என்றாள் செண்பகவடிவு.

“போவா. ஆனா சனி சும்ம இருக்க மாட்டான் பாத்துக்கிடுங்க. இருக்கிற இடத்துலயிருந்து மூணு, ஏழு, பத்துன்னு மூணு கட்டத்தப் பாப்பான். ஏழாவதா விழுகது கடகத்துல. அடுக்களையில அடுப்பு புகையாது. பத்தாவதா விழுகது துலாத்துல. கல்யாணம் தள்ளும்.”

“தள்ளித்தானே கெடக்கு,” என்றார் பகவதியம்மாளின் அப்பா மாதேவன் பிள்ளை. அவர் சமாதானமாகச் சொன்னது, புகார் மாதிரி விழுந்தது.

“வேலய விட்டா?” செண்பகவடிவு கேட்டாள். கேட்கவே வந்த கேள்வி.

“விட்டா சனியோட பார்வ மட்டுப்படும்.”

செண்பகவடிவு கால் நீட்டி உட்கார்ந்தாள். “எனக்கு ஒண்ணும் இல்ல. சனி சொல்லுகான்.”

பகவதியம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போன வாரம்தான் மூன்றாம் வகுப்புக்குக் கிரகணம் என்பது வெறும் நிழல் என்று பந்தும் விளக்கும் வைத்துக் காட்டியிருந்தாள். இப்போது அவளுடைய வேலையை ஒரு சுண்ணாம்புக் கோடு எடுத்துக்கொண்டு போகிறது. நம்பிக்கை இல்லை என்று சொன்னால் இவர்களும் செருப்பைத் தேடுவார்கள். ஆனால் எண்ணுவது கணக்கு அல்லவா? கணக்கில் அவளை யாரும் தடுக்க முடியாது.

“சோசியரே, ஒரு சந்தேகம்,” என்று உள்ளிருந்தபடியே கேட்டாள். மாதேவன் பிள்ளை இருமினார். அவள் நிறுத்தவில்லை. “அவிய ஜாதகத்துல பொண்டாட்டிக்க வேலய எந்தக் கட்டத்துல பாப்பிய?”

சோசியருக்கு உற்சாகம் வந்துவிட்டது. தொழிலில் நுட்பமாகக் கேள்வி கேட்பவர்கள் அவருக்கு வாய்ப்பதில்லை. “நல்ல கேள்வி. மாப்பிளைக்குக் கடக லக்னம். ஏழாம் இடம் மகரம், அதுதான் பொண்டாட்டி. அவளுக்கத் தொழிலுன்னா அங்கயிருந்து பத்து. மகரம், கும்பம், மீனம்...” சுண்ணாம்புக்கட்டியால் தட்டிக்கொண்டே போனார். “துலாம். மாப்பிளைக்கு நாலாம் இடம்.”

“அதுல யாரு இருக்கா?”

“சூரியனும் வியாழனும். சூரியன்னா சர்க்கார். வியாழன்னா பள்ளிக்கூடம்.” சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். “சர்க்கார் பள்ளிக்கூடம்.”

“நாலாம் இடம் வேற யாருக்குள்ளது?”

சோசியர் செண்பகவடிவைப் பார்த்தார். “தாயாருக்குள்ளது.”

“எனக்கக் கட்டத்துல இவளுக்கு வேலையா?” செண்பகவடிவு எழுந்து, சுண்ணாம்புக் கோட்டை மிதிக்காமல் துலாத்தின் அருகே போய் நின்றாள். “நான் இருபத்தேழு வருசமா இருக்கேன். இவ எப்ப வந்தா?”

“மாப்பிள பெறக்கும்போதே இருந்திருக்கா, அம்மா.”

“அப்ப எடத்த ஒழிக்கச் சொல்லும்.”

“அந்த இடத்த ஒழிச்சா உங்களையும் சேத்துல்லா ஒழிக்கணும்.”

நாராயணபெருமாள் முதன்முறையாக வாயைத் திறந்தான். “ஒரே சர்வே நம்பர்ல ரெண்டு பேருக்குப் பட்டா இருந்தா கூட்டுப் பட்டாதான் அம்மா.” யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பகவதியம்மாள் விடவில்லை. “எனக்க ஜாதகத்துல மாமியாருக்கு எந்த இடம்?”

“புருஷன் ஏழு. அவருக்கத் தாயாருன்னா அதுலயிருந்து நாலு. துலாம், விருச்சிகம், தனுசு, மகரம்.” சோசியரின் குரல் இறங்கியது. “பத்தாம் இடம். சனி இருக்கிற கட்டம்.”

“வேலைக்குள்ள அதே கட்டம்.”

“அதே கட்டம்.”

“நான் வேலய விட்டா சனி என்ன செய்வான்?”

சோசியர் சுண்ணாம்புக்கட்டியால் கட்டங்களை மறுபடி எண்ணினார். நாற்பது வருஷத் தொழிலில் அவர் பொய் சொன்னதில்லை. வசதியான பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்குவார், அவ்வளவுதான். “பலன் குடுக்காம இருக்க மாட்டான். பொண்ணுக்கு உழைப்பாக் குடுக்க முடியல்லன்னா, அதே கட்டத்துல இருக்கிற மத்த ஆளுக்குக் குடுப்பான். முட்டு, இடுப்பு, வாயு...”

செண்பகவடிவு தன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். ஏற்கெனவே வலிக்கத் தொடங்கிவிட்டது.

“ஏட்டி,” என்றாள் கதவைப் பார்த்து. “வேலய மட்டும் விட்டுராத.”

மாசியில் கல்யாணம். மறுவாரமே பகவதியம்மாள் பள்ளிக்கூடம் போனாள். சமைத்துக் கட்டிக் கொடுத்தது செண்பகவடிவு. ஒரு நாள் காய்ச்சலில் படுத்தவளை, “எனக்க இடுப்பு போச்சு, எந்திரி மக்கா,” என்று போர்வையை இழுத்து வண்டியில் ஏற்றினாள். தலைமை வாத்திச்சி நெற்றியைத் தொட்டுப் பார்த்து அதே வண்டியில் திருப்பி அனுப்பினாள். இடைப்பட்ட ஒரு நாழிகையில் இடுப்பு தேவலை என்று செண்பகவடிவு தெருவுக்கே கேட்கிற அளவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேலை நிலைத்துவிட்டது. ஆனால் அதைத் தான் ஜெயித்தோமா என்று பகவதியம்மாளுக்குத் தெரியவில்லை. நம்பாத ஒன்றை வைத்து வாங்கியது தன்னுடையதாகுமா? உண்மையைச் சொல்லி வாங்கியிருக்க முடியுமா? வழியில் இதையே யோசித்தாள். கிரகணப் பாடத்தை நடத்தும்போது குழந்தைகளின் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தாள்.

பங்குனிக் கடைசியில் கோடை விடுமுறை. இரண்டு மாதம். மூன்றாம் நாள் செண்பகவடிவுக்கு முழங்கால் வீங்கியது.

“பள்ளிக்கூடம் எப்பட்டி தொறக்கும்?”

“வைகாசிக் கடைசியில, அத்தே.”

“அது வரைக்கும் சனி பொறுப்பானா?”

மருமகளிடம் பாடம் படிக்கத் தெருக்குழந்தைகளைக் கூப்பிட்டுப் பார்த்தாள். எல்லாம் குளத்தில் கிடந்தன, முறுக்குக்கும் வரவில்லை. மகனை உட்காரச் சொன்னாள். அவன் கச்சேரிக்குப் பிந்திவிட்டதாகச் சொல்லி, கச்சேரி இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் குடையோடு வெளியே போனான். கடைசியில் ஒரு சிலேட்டை எடுத்துக்கொண்டு அவளே பகவதியம்மாளின் முன்னால் சம்மணம் போட முயன்று, முடியாமல் காலை நீட்டினாள்.

“ம், சொல்லிக்குடு.”

பகவதியம்மாள் சிலேட்டில் ‘அ’ போட்டாள். “இத எழுதுங்க, அத்தே.”

“நான் எதுக்கு எழுதணும்? வேல ஒனக்குல்லா. நீ சொல்லிக்குடு, நான் இங்கின இருக்கேன்.”

“படிக்க மாட்டேன்னு இருக்கவளுக்குச் சொல்லிக்குடுத்தா அது வேலயா?”

செண்பகவடிவு இதை யோசிக்கவில்லை. சனி இந்த அளவுக்கு உள்ளே புகுந்து பார்ப்பானா என்று கேட்க சோசியருக்கு ஆள் அனுப்பலாம். ஆனால் அவர் எண்ணத் தொடங்கினால் எங்கே போய் நிற்பார் என்று யாருக்குத் தெரியும். முழங்காலைத் தடவிக்கொண்டே சிலேட்டை மடியில் இழுத்துப் பிடித்தாள்.

“சுழிய எந்தப் பக்கம் தொடங்கணும்?” என்று கேட்டாள்.