உயிரோடு இருந்த வண்டு

அறுபதுகளில் செஞ்சிக் கடைத்தெருவில், பஸ் வந்து நிற்கும் இடத்துக்கு எதிரே நானும் என் வீட்டுக்காரரும் ஒரு சின்ன காபி ஓட்டல் நடத்தினோம். அவர் கல்லாவில் உட்காருவார். நான் உள்ளே அடுப்படியில் இருப்பேன். பரிமாறுவதற்கு நடுவயதுக்காரர் ஒருவர் இருந்தார். சாப்பிட வருகிறவர்களின் முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. பாத்திரம் எவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்பதை வைத்துத்தான் வெளியே எத்தனை பேர் என்று தெரிந்துகொள்வேன்.

அமாவாசைதான் எங்களுக்குப் பெரிய நாள். மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்கள் காலை டிபனுக்கு செஞ்சியில் நிற்கும். டிரைவர் எந்த ஓட்டலுக்குள் நுழைகிறாரோ அங்கேதான் பஸ்ஸில் வந்த ஜனமும் நுழையும். அதனால் டிரைவர்களிடம் யாரும் காசு வாங்குவதில்லை.

சாப்பாட்டில் ஏதாவது கிடக்கிறது என்று யாராவது சொன்னால் என் வீட்டுக்காரருக்கு ஒரு வழி இருந்தது. போய்ப் பார்ப்பார், அதை இரண்டு விரலால் எடுப்பார், "கருகின வெங்காயம்ங்க" என்று சொல்லி வாயில் போட்டுக்கொள்வார். முடியாக இருந்தால் மட்டும் இலையை மாற்றச் சொல்லுவார். பெரும்பாலும் அது வெங்காயமாகவே இருந்திருக்கும் என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன். கேட்டதில்லை.

ஒரு அமாவாசை அன்று அந்த வழி பலிக்கவில்லை.

திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்த ஸ்பெஷல் பஸ்ஸின் டிரைவர் உப்புமா கேட்டிருந்தார். கூடம் நிறைய ஜனம். சிறிது நேரத்தில் பேச்சுச் சத்தம் குறைந்தது போல இருந்தது. கதவு இடுக்கில் பார்த்தேன். டிரைவர் கையை இலையிலிருந்து எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் குனிந்து கையை நீட்டினார்.

"சீரகம்தான் டிரைவரே."

"இன்னா மொதலாளி, சீரகம் நடக்குது?"

நீட்டிய கை அப்படியே நின்றது. பக்கத்து வரிசையில் ஒருவர் சிரித்தார், ஒரு அம்மா வாயில் இருந்ததை இலையில் துப்பினாள். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கதவு இடுக்கில் நான் நிற்பது எப்படித் தெரிந்ததோ. நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனேன். இலை ஓரத்தில் ஒரு வண்டு ஊர்ந்துகொண்டிருந்தது.

எனக்கு முதலில் தோன்றியது வண்டைப் பற்றி அல்ல, டிரைவரைப் பற்றி.

"அண்ணே, வாயில எதுனா பட்டுதா?"

"இல்லம்மா. ஓரத்துல கண்ணுல பட்டுது. சாப்ட்டதுல இருந்துதான்னு தெரியல."

ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து வாய் கொப்பளித்துவிட்டு வரச் சொன்னேன். அதற்குள் பரிமாறுகிறவர், "கூரையில இருந்து விழுந்திருக்கும்மா" என்று ஆரம்பித்தார். "ஒண்ணும் பேசாதீங்க. உப்புமா யாருக்கும் போடாதீங்க" என்றேன். பிறகு கூடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அத்தனை பேர் முன்னால் நான் பேசியதே இல்லை.

"ஒரு இலையில வண்டு இருந்துது. எங்கிருந்து வந்துச்சுன்னு பார்த்துட்டுச் சொல்றேன். உப்புமா வெச்சிருக்கிறவங்க அதை ஒதுக்கிடுங்க. அதுக்குக் காசு வேணாம். இட்லி எடுத்தாரச் சொல்றேன்."

சிலர் எழுந்து எதிர் ஓட்டலுக்குப் போனார்கள். நான் தடுக்கவில்லை. டிரைவரின் இலையை, வண்டோடும் உப்புமாவோடும் அப்படியே மடித்து உள்ளே எடுத்துப் போனேன். வாய் கொப்பளித்துவிட்டு வந்த டிரைவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"உங்களுக்கு வேற டிபன் தரச் சொல்றேன்ணே, உட்காருங்க."

"டிபன் கெடக்கட்டும். நான் எப்பவும் சும்மாதானே சாப்புடறேன். இது எப்டி வந்துதுன்னு தெரிஞ்சிக்கணும்."

அவர் கோபமாக இல்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எஞ்சினில் ஏதோ சத்தம் கேட்டதுபோல நின்றிருந்தார். எனக்கும் அதே கேள்விதான். இலையைப் பிரித்தேன். பழுப்பாக, ஊசி மூக்கோடு, அரிசியில் வருகிற வண்டு. இலை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சுறுசுறுப்பாக நடந்தது.

"உப்புமாவுல இருந்தா இது வெந்திருக்குமே," என்றேன். "கொதிக்கிற தண்ணியில ரவையோட கிண்டினது."

"அப்ப எறக்கின பிற்பாடு விழுந்துது."

உப்புமா அண்டா மூடித்தான் இருந்தது. இருந்தாலும் அகலமான தாம்பாளத்தில் கொட்டிக் கரண்டியால் பரப்பிப் பார்த்தோம். வெங்காயம், கடுகு, கடலைப்பருப்பு. வண்டு உயிரோடும் இல்லை, செத்தும் இல்லை. சட்னி வாளியைக் கலக்கிப் பார்த்தேன். பரிமாறுகிற கரண்டியைத் தட்டிப் பார்த்தேன். மேலே கூரை ஓடு, அங்கே அரிசி வண்டுக்கு என்ன வேலை?

டிரைவர் மடித்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மந்தாரை இலையில் தைத்தது. ஒரு இலை மேல் இன்னொரு இலை ஏறி ஈர்க்கால் குத்தியிருக்கும் இடத்தில் ஒரு மடிப்பு வரும்.

"யம்மா, இந்தத் தையலுக்குள்ள இன்னா இருக்குது?"

ஈர்க்கை இழுத்து மடிப்பைப் பிரித்தேன். இன்னொரு வண்டு.

இலைக் கட்டுகள் சாமான் அறையில் இருந்தன. ஒரு வெள்ளை வேட்டியைத் தரையில் விரித்து, ஒரு இலைக் கட்டை எடுத்து அதன் மேல் பிடித்து உதறினேன். மிளகைக் கொட்டியது போல் விழுந்தன. வெளிச்சம் பட்டதும் ஆளுக்கு ஒரு பக்கமாக ஓடின. காய்ந்த இலையில் இதற்குத் தின்ன ஒன்றும் இல்லையே என்று யோசித்தபடி நிமிர்ந்தேன். இலைக் கட்டுக்கு முட்டுக் கொடுத்தாற்போல் நின்றது ஒரு அரிசி மூட்டை. இட்லிக்கு வாங்கி வைத்து இன்னும் பிரிக்காதது. தையல் வாயில் மாவு போல உதிர்ந்திருந்தது. காதை வைத்தால் உள்ளே மெல்ல நறநறவென்று கேட்டது. டிரைவரும் காதை வைத்துக் கேட்டார்.

"கேக்குதும்மா," என்றார், ஏதோ நல்ல செய்தி போல.

அன்றைய இட்லிக்கு ஊறப்போட்ட அரிசி அந்த மூட்டையில் எடுத்ததில்லை என்பதை அவருக்குக் காட்டினேன். வேறு டின். அதையும் கையால் அளைந்து பார்த்தார்.

திரும்பக் கூடத்துக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். "வண்டு இலையில இருந்து வந்திருக்குது. இலைக்கு அரிசி மூட்டையில இருந்து ஏறியிருக்குது. உப்புமாவுல இல்ல. ஆனா அதை இனிமே போடல." உப்புமா சுத்தமாகத்தான் இருந்தது, ஆனால் அதைச் சொல்லி யாரையும் சாப்பிட வைக்க முடியாது. மாட்டுத் தொட்டியில் கொட்டினோம். பக்கத்து வீட்டுக் கொல்லையில் வாழை இலை அறுத்து வந்து, கழுவித் துடைத்து இட்லி போட்டோம். நம்பினவர்கள் சாப்பிட்டார்கள். துப்பின அம்மா சாப்பிடவில்லை, காபி மட்டும் குடித்தாள். டிரைவர் எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டார். அவருடைய பஸ் ஜனம் பாதிக்கு மேல் அங்கேயே இருந்தது.

பஸ் போன பிறகு மூட்டையை வெளியே இழுத்து வெயிலில் பரப்பினோம். இலைக் கட்டுகளைக் கொளுத்தினோம். அறையைப் பெருக்கி, சுவர் ஓரத்தில் மண்ணெண்ணெய் துணியால் துடைத்தேன். இலைகளை உயரே மூங்கில் கட்டித் தொங்கவிடுவது, போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் தட்டி ஈரத்துணியால் துடைப்பது என்று அன்றைக்கு முடிவானது. யாராவது எதையாவது காட்டினால் முதலில் என்னைக் கூப்பிட வேண்டும் என்பதும் முடிவானது. அதைக் கேட்டுக்கொண்டே என் வீட்டுக்காரர் மூங்கில் கட்டக் கயிறு தேடப் போனார்.

வேட்டியில் விழுந்த வண்டுகளில் சிலவற்றை ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு, வாயில் துணி கட்டி, ஒரு துண்டு மந்தாரை இலையையும் உள்ளே விட்டு, அடுப்படி மாடத்தில் வைத்தேன். அரிசி இல்லாமல் வெறும் இலையில் எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க வேண்டும் போல் இருந்தது. மறுநாள் காலை பால் காய்ச்சும்போது எடுத்துப் பார்த்தேன். எல்லாம், தின்ன அல்ல ஒளியத்தான் வந்தவை போல, அந்த இலையின் அடிப்பக்கத்தில், வெளிச்சம் படாத இடத்தில், வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன.