அமாவாசைக்கு இடமில்லாத அட்டவணை

கண்ணில் புரை முற்றிவிட்டது, எடுத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். ஆனால் சர்க்கரை இந்த உயரத்தில் இருக்கும்வரை கை வைக்க மாட்டேன், மூன்று மாதத்தில் இறக்கிக்கொண்டு வாருங்கள் என்றும் சொல்லிவிட்டார். ஏதோ பரணிலிருந்து மூட்டையை இறக்கச் சொல்வது போலச் சொன்னார் மனுஷன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அவனியாபுரத்தில் எனக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது. கண்ணை வைத்துத்தான் என் பிழைப்பு. அந்த நாட்களில் அளவுக் கருவியில் இருக்கும் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெரிந்தன. நானே கடைந்த சாமானை அடுத்தவனிடம் நீட்டி, "அளவு சரியாருக்கான்னு பாருப்பா" என்று கேட்பதற்குள் எனக்கு மானம் போகும். ஆபரேஷன் நடக்காவிட்டால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்.

வீட்டில் நான், என் மனைவி, மகன், மருமகள் என்று நான்கு பேர். எனக்கு மட்டும் தனிச் சமையல் நடந்துகொண்டிருந்தது. அவர்கள் கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிடும்போது என் தட்டில் ஓட்ஸ் கஞ்சி இருக்கும். பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். பட்டறைக்குப் போகிற வழியில் டீக்கடையில் சீனிப்பாகில் ஊறின பால்பன் தின்று கணக்கைச் சரிசெய்துகொள்வேன். பகலில் கேழ்வரகுக் களி கிடைத்தால், சர்க்கரைக்கு நல்லது என்று மூன்று உருண்டை உள்ளே தள்ளுவேன்.

மருமகள் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். ஒரு ஜவுளிக்கடை அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறாள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று, அவர் சொன்னதையெல்லாம் என்னிடம் கேட்டுக் குறித்துக்கொண்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய தாளைக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். இந்தப் பக்கம் ஏழு நாள், அந்தப் பக்கம் காலை, மதியம், சாயங்காலம், ராத்திரி. மங்கின கண்ணுக்கும் தெரிகிற மாதிரி கொட்டை எழுத்து.

"இது யாருக்கு தாயி, எனக்கா?" என்றேன்.

"நம்ம நாலு பேருக்கும் மாமா. இனிமே ஒரே சட்டிதான்."

"களிய எங்க காணோம்?"

"புதன்கிழமை இருக்கு. ஆனா ஒரு உருண்டைதான். களியும் சோறு மாதிரிதான் மாமா, சர்க்கரைய ஏத்தத்தான் செய்யும். இம்புட்டுத் தின்னா இறங்குமா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்தத் தாளைப் பார்க்கப் பார்க்க, தொழில் தெரிந்தவன் என்கிற முறையில், அசந்துபோனேன். அப்படி ஒரு வேலைப்பாடு. ஞாயிறு ராத்திரி அரைத்த மாவு திங்கள் இட்லி, செவ்வாய் தோசை, புதன் புளித்ததும் வெங்காயம் போட்ட ஊத்தப்பம். திங்கள் ஊறப்போட்ட தட்டைப்பயறில் பாதி அன்று சுண்டல், மீதி மறுநாள் குழம்பு. ஞாயிறு கறிக்குழம்பும் உண்டு. தட்டில் பாதி காய், கால்வாசி பருப்போ முட்டையோ கறியோ, மீதிக் கால்வாசிதான் சோறு. அவர்களுக்குச் சோறு வேண்டுமானால் இன்னொரு கரண்டி போட்டுக்கொள்ளலாம், எனக்கு அந்த அளவுதான். மற்றபடி குழம்பும் கூட்டும் எல்லோருக்கும் ஒன்று.

அந்த அட்டவணையிலிருந்தே சாமான் பட்டியலும் பிறந்தது. நான்கு பேர் செல்போனிலும் ஒரே பட்டியல் தெரியும். பருப்பு, பயறு, எண்ணெய் வாரத்துக்கு ஒருமுறை. கீரை மட்டும் சமைக்கிற அன்று. யார் வாங்கினாலும் உடனே 'டிக்' போட வேண்டும். அதற்கு முன்பு மகன் ஒரு கட்டு மல்லி, என் மனைவி ஒரு கட்டு மல்லி, நான் ஒரு கட்டு மல்லி என்று வாங்கிவந்து ஃப்ரிட்ஜுக்குள் அழுகவிட்டுக்கொண்டிருந்தோம். ஒருநாள் குசும்புக்கு அந்தப் பட்டியலில் 'பால்பன் நாலு' என்று போட்டேன். அரைமணி நேரத்தில் அது 'வறுத்த கடலை, ஒரு கைப்பிடி' என்று மாறியிருந்தது. பட்டறையில் தனியாக நின்று சிரித்தேன்.

வீட்டில் குத்திப் பார்க்கிற சர்க்கரை மெல்ல இறங்கியது. எனக்கும் தெம்பு வந்தது. அப்போதுதான் அமாவாசை வந்தது.

எங்கள் வீட்டில் அமாவாசையன்று காலைப் பலகாரம் கிடையாது. குளித்து, சமைத்து, முன்னோருக்குப் படைத்து, காக்கா வந்து சோறெடுத்த பிறகுதான் யாரும் வாயில் வைப்போம். மருமகள் அட்டவணை போட்டது திங்கள் முதல் ஞாயிறு வரைக்கும். அமாவாசை எந்தக் கிழமையில் வரும் என்று அதற்கு எப்படித் தெரியும்? காலைக் கட்டத்தில் 'எட்டு மணி, மாத்திரை' என்று இருந்தது. நானும் நல்ல பிள்ளையாக எட்டு மணிக்குச் சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுக் காக்காவுக்காக உட்கார்ந்திருந்தேன்.

என் மனைவி மாடியில் நின்று கா கா என்று கூப்பிட்டுப் பார்த்தாள். மற்ற நாளெல்லாம் வடகத்தைத் தூக்குகிற காக்கா அன்றைக்கு மணி பதினொன்றாகியும் ஒன்றுகூட வரவில்லை. எனக்குக் கை நடுங்கியது. சட்டை தொப்பலாக நனைந்தது. எழுந்தேன், கால் நிற்கவில்லை. மருமகள் ஓடிவந்து விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை தாறுமாறாக இறங்கியிருந்தது. மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கி என் வாயில் வைத்தாள். கால்மணி நேரம் என் பக்கத்திலேயே உட்கார்ந்து மறுபடி குத்திப் பார்த்தாள். ஏறியிருந்தது.

"அத்தை, மாமாவுக்குச் சோறு போடுங்க" என்றாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு அமாவாசைகூடக் காக்காவுக்கு முன்னால் இலை போடாதவள் என் மனைவி. மாடியிலிருந்து இறங்கி வந்தாள், என் முகத்தைப் பார்த்தாள், தட்டில் சோற்றைப் போட்டுப் பிசைந்து ஊட்டினாள். "மேல போன எங்க மாமியா கோவிச்சா கோவிச்சுக்கிறட்டும். பெத்த பிள்ளை பட்டினி கெடந்து மயங்கி விழுந்தாத்தான் அவுகளுக்குச் சந்தோசமா?" என்றாள். அவள் கண்ணில் நீர் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் ஃப்ரிட்ஜில் தாளைக் காணோம். மருமகள் கழற்றி மடித்து வைத்துவிட்டாள்.

"என்ன தாயி?"

"வேணாம் மாமா. பெரிய இவ மாதிரி கட்டம் போட்டேன். ஒங்க உயிருக்கே வந்துருச்சு."

அவளைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். சோறு குறைந்தபின் பழைய மாத்திரை அளவு எனக்கு அதிகம், அந்த மாத்திரையைச் சாப்பாடில்லாமல் போடவும் கூடாது என்றார் அவர். அளவைக் குறைத்து எழுதிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் தாளை நானே எடுத்து ஒட்டினேன். ஒட்டும்போது கோணிப்போனது, என் கண் அப்படி. "அடிச்சுத் திருத்து தாயி. கடைசல்ல ஒரு தடவ பிசகுனா மெஷினயா தூக்கிப் போடுறோம்?" என்றேன். எட்டு மணியை அடித்துவிட்டு, 'தட்டில் சாப்பாடு வந்த பிறகு மாத்திரை' என்று எழுதினாள். அடியில் புதிதாக ஒரு வரி: 'அமாவாசை: மாமாவுக்குக் காலையில் இட்லி உண்டு'. என் மனைவி அதைப் படித்துவிட்டுத் தலையாட்டினாள்.

தவணை முடிந்து ரத்தப் பரிசோதனைக்குப் போனபோதும் மருமகள்தான் கூட வந்தாள். மூன்று மாதச் சராசரியைப் பார்த்த டாக்டர், "தாராளமாப் பண்ணலாம்" என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். வெளியே வந்ததும் அவள் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அன்று நான் சரிந்தபோதுகூட அழாத பிள்ளை.

"தெனமும் நீங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது மாமா" என்றாள்.

இத்தனை நாள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டும் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. அவள் தலையில் கை வைத்தேன்.

"வீட்டுக்குப் போவோம் தாயி. இன்னிக்கு நீ மொதல்ல சாப்பிடு, நான் பாக்குறேன்" என்றேன்.