எல்லாரும் விற்ற பங்கு

அறுபதுகளில் நான் கடலூரில் பங்குத் தரகராக இருந்தேன். ஒரு சர்க்கரை ஆலையின் பங்கு சரியும் என்று சிதம்பரத்து வக்கீல்கள் தீர்மானித்தார்கள். கையில் இல்லாத பங்கை முதலில் விற்றுவிட்டு, விலை இறங்கியதும் வாங்கிக் கொடுப்பது திட்டம். இத்தனை பேர் விற்றிருப்பதே தங்கள் கணிப்புக்குச் சாட்சி என்று பூரித்தார்கள்.

அவர்களில் என் மனைவியின் அண்ணனும் ஒருவர்.

“மச்சான், இப்படி வித்துட்டுத் திருப்பி வாங்க வேண்டியது மெட்ராஸ் சந்தையில இருபதாயிரம் பங்கு இருக்கு. ஒரு நாளைக்கிக் கைமாறுறதே சராசரியா ரெண்டாயிரம்தான். எல்லாரும் வாங்கி முடிச்சு வெளிய வர பத்து நாள் ஆவும்,” என்றேன்.

“மத்தவங்களுக்கு ஆவட்டும். நான் மொத நாளே வாங்கிடுவேன்,” என்றார்.

மற்ற வக்கீல்களும் தனித்தனியாக என்னிடம் அதையே சொல்லியிருந்தார்கள்.

ஆலை எதிர்பாராத லாபம் காட்டியது; பங்கு விலை ஏறத் தொடங்கியது. மறுநாள் அத்தனை பேரும் என் அறையில் கூடி, ஆளாளுக்குத் தனக்குத்தான் முதலில் வாங்க வேண்டும் என்றார்கள். சென்னைக்கு டிரங்க் கால் போட்டால் விற்க ஆளில்லை. ஒருவர் வாங்க வாங்க அடுத்தவருக்கு விலை ஏறியது. மச்சான் உச்சத்தில் வாங்கினார்.

“யாரோ சதி பண்ணிட்டாங்க,” என்றார். எல்லாரும் தலையாட்டிவிட்டு, யார்மேல் வழக்குப் போடலாம் என்று மாலைவரை ஆலோசித்தார்கள்.