இல்லாத மூன்று

கருவடிக்குப்பத்துச் சமுதாய மையத்தை நடத்தும் கனீஸ் பாத்திமாவிடம் போன் கம்பெனிக்காரர்கள் யார் பேசினாலும் எடுத்த எடுப்பில் இந்தியில் கொட்டுவார்கள். பெயரைக் கேட்டதும் அவர்களாகவே எடுக்கும் முடிவு அது. பாத்திமாவுக்கோ தமிழை விட்டால் பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சுதான். கொஞ்சநேரம் கேட்டுவிட்டு, "மெர்சி, முசியே" என்று பிரெஞ்சில் நன்றி சொல்வார். எதிர்முனை திணறுவதில் அவருக்கு அலாதி சந்தோஷம்.

மையத்தில் தையல் வகுப்பு உண்டு, ரத்ததான முகாம் உண்டு. ஆனால் கூட்டம் அம்முவது செவ்வாய்க்கிழமைதான். அன்று போன் கோளாறு உள்ள பெண்களெல்லாம் வந்துவிடுவார்கள். கஸ்டமர் கேருக்குப் போட்டால் ஒரு பெண்குரல், இந்திக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு என்று அந்த இரண்டு மொழிகளிலேயே கொஞ்சும். அதற்குப் பாத்திமா ஒரு வைத்தியம் வைத்திருந்தார்.

"அவ இன்னா கேட்டாலும் ஒண்ண அழுத்திக்கினே இருங்கடி. கடைசில மனுஷன் வருவான். வந்தா 'தமிழ், தமிழ்'னு கத்துங்க."

பெரும்பாலும் பலித்தது. ஊரே கற்றுக்கொண்டது.

தேங்காய்த்திட்டில் ஏலம் எடுத்து ஹோட்டல்களுக்கு மீன் போடும் சின்னப்பாப்பாவும் கற்றுக்கொண்டாள். டவர் கிடைக்கவில்லை என்று புகார் சொல்லப் போனவள், வரிசையாக ஒன்றை அழுத்தினாள். உறுதியா என்று கேட்டு ஒரு மெசேஜ் வந்தது. அதற்கும் ஒன்று. அன்றிலிருந்து அவளைக் கூப்பிடுகிறவர்களின் காதில் மணி அடிப்பதில்லை. காலர் டியூன் பாட்டில் எவனோ ஒருத்தன் காதலில் தோற்று இந்தியில் அழுதான்.

"ஹோட்டல்காரன்லாம் ராங் நம்பர்னு வெச்சிடுறான்க்கா. விடிகாலையில எவன் இன்னொரு தபா போடுவான்? வஞ்சிரம், சங்கரா எல்லாம் வேற ஆளு போடுறான்" என்று சின்னப்பாப்பா சொன்னபோது அவள் கண் கலங்கியிருந்தது. அவள் பிழைப்பே அந்த நம்பரில்தான் இருந்தது.

பாத்திமா ஒரு செவ்வாய் முழுக்கக் கத்தி, தமிழ் தெரிந்த ஒருவனைப் பிடித்து அந்தப் பாட்டை நிறுத்த வைத்தார். மறுநாளே கம்பெனியிலிருந்து ஒரு விளம்பரக் குரல் கூப்பிட்டது. சின்னப்பாப்பா ஒன்றை அழுத்திவிட்டாள். அழுகை திரும்பவும் ஆரம்பித்தது.

"கை தானா போயிடுச்சுக்கா!"

அன்று சாயங்காலமே பாத்திமா கம்பெனிக்குக் கடிதம் எழுதினார், தமிழில்தான். "ஐயா, உங்கள் இயந்திரம் எங்களிடம் இரண்டு மொழிகளில் பேசுகிறது. இரண்டுமே எங்களுக்குத் தெரியாது. புரியாத கேள்விக்கு நாங்கள் சொல்லும் ஆமாவுக்கு நீங்கள் பாட்டுப் போடுகிறீர்கள். எங்கள் பெண் ஒருத்தி அந்தப் பாட்டால் மீன் வியாபாரத்தை இழந்துகொண்டிருக்கிறாள். மெனுவில் தமிழைச் சேருங்கள்" என்று எழுதி, மையத்தின் முத்திரையை இரண்டு முறை குத்தினார். ஒரு முறை கோபத்தில் விழுந்தது.

பதிலுக்கு எழிலரசன் என்ற அதிகாரி ஒரு செவ்வாய்க்கிழமை நேரிலேயே வந்தார். நல்ல பையன்தான். டீயைக் குடித்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தார்.

"மேடம், நான் உங்க கட்சி. ஆனா மேலிடம் கணக்கைத்தான் பாக்கும். தேங்காய்த்திட்டு, கருவடிக்குப்பம் ரெண்டுலயும் முக்காவாசிப் பேரு இந்தியத்தான் கேக்குறாங்க. பாண்டிச்சேரியிலயே இந்தி மோகம் அதிகமா இருக்கறது உங்க ஏரியாதான்."

தையல் மிஷின்கள் நின்றன. எல்லாத் தலைகளும் பாத்திமா பக்கம் திரும்பின. இந்தியை எதிர்த்து ஊர்வலம் போன குடும்பத்துக்கு மருமகளாக வந்தவர் அவர். போன சட்டமன்றத் தேர்தலில்கூட யாரும் செய்யாத அளவுக்கு, ஒன்றை அழுத்தச் சொல்லியே அந்த மொழிக்கு ஓட்டு சேர்த்துக் கொடுத்திருந்தார். வெட்கத்தில் முகம் சிவந்துவிட்டது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை அவர்.

"தம்பி, இல்லாத நம்பர அழுத்துனா உங்க மிஷின் இன்னா பண்ணும்?"

"தப்புன்னு சொல்லி மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும். அதுவும் பதிவாகும்."

"எத்தினி பேரு, எந்த நம்பரு, எந்த ஏரியா, எல்லாமா?"

"எல்லாம்."

"மெர்சி, முசியே" என்றார் பாத்திமா, முதல்முறையாக மனதார.

அதன்பிறகு, பாத்திமா சொல்லி, ஊர் மெனுவில் இல்லாத மூன்றை அழுத்தியது. ஏலத்துக்குக் காத்திருந்தவர்கள் அழுத்தினார்கள். ரேஷன் வரிசையில் நின்றவர்கள் அழுத்தினார்கள். தவளக்குப்பத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள், புகாரே இல்லாமல், பொழுதுபோக்குக்கு அழுத்தினார்கள். அந்தப் பெண்குரல் தப்பு, தப்பு என்று சொல்லிச் சலித்தது. பாத்திமா இரண்டாவது கடிதத்தைச் சுருக்கமாக முடித்தார். "எங்கள் ஊர் கேட்கும் மொழி உங்கள் கணக்கில் மூன்றாம் எண்ணில் இருக்கிறது. பார்த்துக்கொள்ளவும்."

மேலிடம் பார்த்தது. மழைக்காலம் தொடங்கும் முன்பே, தமிழுக்கு மூன்றை அழுத்தவும் என்று அந்தக் குரல் தமிழில் சொன்னது. உச்சரிப்பு கொஞ்சம் கோணல்தான். யாரும் குறை சொல்லவில்லை. சின்னப்பாப்பா மூன்றை அழுத்தி, கேட்டு, புரிந்து, அழுகிறவனைத் தன் கையாலேயே நிறுத்தினாள்.

மறுநாள் விடிகாலையில், ஹோட்டல்காரர்கள் மீன் கேட்டுக் கூப்பிடும் நேரத்தில், பாத்திமாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாட்டு நிஜமாகவே போய்விட்டதா என்று பார்க்க சின்னப்பாப்பாவுக்குப் போன் போட்டார். அழுகை இல்லை. மணியும் இல்லை. நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் உள்ளார் என்றது.

கொஞ்சநேரம் விட்டு மறுபடி போட்டார். அப்போதும் வேறொரு அழைப்பில்தான் இருந்தாள்.